சாட்சி சொன்னதும் நீதிபதி எழுதச் சொன்னதும்

கல்லூரிக் குறும்படங்களில் வரும் நீதிமன்றக் காட்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வழக்குரைஞர் கறுப்பு அங்கி பறக்க அங்குமிங்கும் நடப்பார். சாட்சியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டுவார். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் துள்ளி எழுந்து "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்" என்பார். நீதிபதி மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுவார். கடைசியில் சாட்சி உடைந்து அழுது உண்மையைக் கொட்டிவிடுவார். நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட் ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சுத்தியல் கிடையாது. கீதையின் மீது கை வைத்துச் சத்தியம் செய்வதும் கிடையாது. 1969-ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பெயராலோ மனசாட்சிப்படியோ உண்மை சொல்வதாக வாயால் சொன்னால் போதும். வழக்குரைஞர் தன் மேசையருகே நின்றபடியே கேட்பார். கூண்டைச் சுற்றி நடப்பதில்லை. கீழமை நீதிமன்றங்களில் அந்த அங்கிகூடக் கட்டாயமில்லை. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் அது கட்டாயம்.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சி இன்றும் தமிழ்நாட்டின் காதுகளில் இருக்கிறது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். அந்தக் காட்சி நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்று காட்ட வந்ததல்ல. கூண்டை மேடையாக்கி நாட்டோடு பேச வந்தது. அந்த நோக்கத்துக்கு அந்த உயர்ந்த குரல் பொருத்தமாக இருந்தது. பத்து நிமிடக் குறும்படம் எடுக்கும் விஸ்காம் மாணவருக்கு அந்த நோக்கமும் இல்லை, அந்த நடிகரும் இல்லை. குரலை மட்டும் இரவல் வாங்கினால் மிஞ்சுவது கூச்சல்தான்.

உண்மையான கோர்ட்டில் நாடகத்துக்குப் பஞ்சமே இல்லை. அது இருக்கும் இடம் வேறு. குறும்படக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் அந்த இடத்தை ஒரே ஒரு காட்சியை வைத்து விளக்க முயல்கிறேன்.

நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி சொல்லும் பதில் அப்படியே பதிவாவதில்லை. சாட்சி பேச்சுத் தமிழில் ஏதோ சொல்கிறார். நீதிபதி அதைக் கேட்டு, எழுத்துத் தமிழில் ஒரு வாக்கியமாக்கி, கீழே உட்கார்ந்திருக்கும் தட்டச்சருக்குச் சொல்கிறார். விசைகள் தட்டப்படுகின்றன. அதன் பிறகுதான் அடுத்த கேள்வி. "நான் பாக்கலீங்க" என்று கூண்டில் முணுமுணுத்தது, "நான் பார்க்கவில்லை" என்று மேடையிலிருந்து உரத்து வருகிறது. ஒவ்வொரு பதிலும் இப்படி இரண்டு முறை பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நொடி அமைதி. அந்த அமைதியைக் கோர்ட்டே தருகிறது, இயக்குநர் செயற்கையாக உண்டாக்க வேண்டியதில்லை. ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சைதன்ய தாம்ஹனே இயக்கிய 'கோர்ட்' (2014) என்ற மராத்திப் படத்தில் நீதிபதி இப்படிச் சொல்லி எழுதவைப்பதைப் பார்க்கலாம். கேமரா தூரத்தில் அசையாமல் நிற்க, அந்த அலுவல் நடையே படத்தின் நெஞ்சை அழுத்தும் விஷயமாகிறது.

நம் காட்சிக்கு வருவோம். காலையில் டியூஷனுக்குச் சைக்கிளில் போன பள்ளிச் சிறுவன்மீது கார் மோதி அவன் இறந்துவிட்டான். காரை ஓட்டியதாக ஊர்ப் பெரிய மனிதரின் மகன்மீது வழக்கு. தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றே அழைப்பார்கள். வசனத்தில் அந்தச் சொல்லே இருக்கட்டும். சாட்சி, சாலையோர டீக்கடைக்காரர். காரிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததாகப் போலீஸ் விசாரணையில் சொன்னவர். இன்று கூண்டில் ஏறி, பார்க்கவில்லை என்கிறார். அதாவது பிறழ் சாட்சி. சிறுவனின் தாய் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மொத்தம் ஏழு பேர்: நீதிபதி, தட்டச்சர், அரசு வழக்குரைஞர், எதிர்த்தரப்பு வழக்குரைஞர், சாட்சி, எதிரி, தாய். பெயரைக் கூவி அழைக்கும் டவாலியின் குரல் வெளியிலிருந்து வந்தால் போதும். திரையில் நான்கு நிமிடம்.

உண்மையான கோர்ட்டில் படம் பிடிக்க அனுமதி கிடைப்பது கடினம். பழைய கல்லூரிகளில் ஆசிரியர் நிற்கும் மரமேடையோடு ஒரு வகுப்பறை இருக்கும், அது போதும். இனி சொல்லும் அமைப்பைக் காகிதத்தில் வரைந்துகொண்டு படித்தால் எளிது. மேடை வடக்குச் சுவரை ஒட்டி இருப்பதாக வைப்போம். நீதிபதி தெற்கு நோக்கி உட்கார்கிறார். மேடைக்குக் கீழே தட்டச்சர். அறையின் நடுவே நீள மேசை. வழக்குரைஞர்கள் அங்கே நீதிபதியைப் பார்த்து, அதாவது பொதுமக்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். நீதிபதியின் இடக்கைப் பக்கம், கிழக்கில் சாட்சிக் கூண்டு. எதிரில், மேற்குச் சுவரோரம் எதிரி நிற்கும் கூண்டு. தெற்கே பெஞ்சுகள். கோர்ட்டுக்குக் கோர்ட் அமைப்பு மாறும், ஆனால் இந்த வகை அமைப்பு சாதாரணமாகக் காணக்கூடியது.

இப்போது டீக்கடைக்காரரைக் கூண்டில் மேற்கு பார்த்து நிறுத்துங்கள். அவருக்கு எதிரே அரசு வழக்குரைஞரும், அவருக்கும் அப்பால் எதிரியும். வலப்பக்கம் நீதிபதி. இடப்பக்கம் அந்தத் தாய். அவர் முகம் திரும்பும் ஒவ்வொரு திசைக்கும் ஒரு பொருள் வந்துவிட்டது. எதிரே பார்த்தால் பயம், வலப்பக்கம் சட்டம், இடப்பக்கம் மனசாட்சி. நான்கு நிமிடமும் அவர் இடப்பக்கம் திரும்பாமலே சமாளிக்க வேண்டும், ஒரே ஒரு முறை திரும்ப வேண்டும். பிளாக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான். யார் எங்கே நடப்பது என்ற கணக்கு அதில் ஒரு பகுதி மட்டுமே. யார் யாரைப் பார்க்க முடியும், யாரைப் பார்க்க வேண்டுமானால் உடம்பைத் திருப்பியாக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் முக்கியம். கோர்ட்டில் யாரும் இஷ்டத்துக்கு நகர முடியாது என்பதால் தலையின் சிறு திருப்பம்கூடப் பெரிய நிகழ்வாகிவிடுகிறது. வழக்குரைஞரை அங்குமிங்கும் நடக்கவிட்டால் அந்தத் திருப்பத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தூரத்தையும் பயன்படுத்துங்கள். நம் கோர்ட்டுகளில் மின்விசிறிச் சத்தம், வராந்தாவின் பேச்சு, கட்டுக் கட்டாகக் காகிதம் புரளும் ஓசை. கூண்டில் தாழ்ந்த குரலில் சொல்வது பின் பெஞ்சுக்குக் கேட்காது. கூண்டுக்கு அருகிலிருக்கும் நீதிபதிக்கும் வழக்குரைஞருக்கும் கேட்கும். நீதிபதி எழுதவைக்கும்போது சொல்லும் உரத்த வாக்கியம்தான் பின்னால் எட்டும். ஆகவே, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பது நமக்குத் தெரிந்து சில நொடிகள் கழித்துத்தான் தாய்க்குத் தெரிகிறது. இந்தக் காட்சியின் உயிர் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. பார்வையாளர் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அது அந்தத் தாயைப் போய்ச் சேரும்வரை தவிக்கிறார்.

வசனத்துக்கு வரும்போது முதல் வரைவில் மாணவர்கள் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "உன் மனசாட்சியைத் தொட்டுச் சொல்! ஒரு தாயின் கண்ணீருக்கு நீ என்ன பதில் சொல்லப்போகிறாய்? பணத்துக்காக உண்மையை விற்றுவிட்டாயா?" பார்வையாளர் தாமாக உணர வேண்டியதை எல்லாம் வழக்குரைஞரே பேசித் தீர்த்துவிட்டார். நடிக்க எதுவும் மிச்சமில்லை, ரியாக்‌ஷனுக்கும் வேலையில்லை. இதோடு இன்னொரு பிழையும் தவறாமல் வரும். வழக்குரைஞர் போலீஸ் வாக்குமூலத்தை நீட்டி, "இது உன் கையெழுத்துதானே?" என்பார். புலன்விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-ஆவது பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 181-ஆவது பிரிவு. ஆகவே "அப்படிச் சொல்லலீங்க" என்று சாட்சி மறுத்துவிட்டால், அவர் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு கையெழுத்து கிடையாது. வாக்குமூலத்தில் உள்ளதைச் சுட்டிக் கேட்கலாம், அவர் மறுப்பதைப் பதியலாம். பின்னொரு நாள் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, சாட்சி தன்னிடம் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்கலாம். இந்தக் கையாலாகாத நிலைதான் வசனத்தை அடக்கி வாசிக்க வைக்கிறது. வழக்குரைஞருக்கு வெற்றி கிடைக்காது என்று தெரிந்தே கேட்கும் கேள்விகள் அவை.

எழுதிப் பார்ப்போம்.

அரசு வழக்குரைஞர்: சம்பவத்தன்னைக்குக் காலையில எங்க இருந்தீங்க?

சாட்சி: கடையிலதாங்க.

நீதிபதி (தட்டச்சரிடம்): சம்பவ நாளன்று காலை நான் என்னுடைய டீக்கடையில் இருந்தேன்.

அரசு வழக்குரைஞர்: என்ன பாத்தீங்க?

சாட்சி: சத்தம் கேட்டுச்சுங்க. ஓடுனேன். பையன் கீழ கெடந்தான்.

நீதிபதி: சத்தம் கேட்டு ஓடிச் சென்று பார்த்தேன். சிறுவன் கீழே கிடந்தான்.

அரசு வழக்குரைஞர்: கார்லேர்ந்து யார் இறங்குனது?

(விசைகளின் ஓசை நிற்கிறது. மின்விசிறி மட்டும்.)

சாட்சி: பாக்கலீங்க.

(வழக்குரைஞர் கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறார். நிமிர்கிறார்.)

அரசு வழக்குரைஞர்: பாக்கலையா?

சாட்சி: பாக்கலீங்க.

(நீதிபதி சாட்சியைப் பார்க்கிறார். பிறகு தட்டச்சர் பக்கம்.)

நீதிபதி: காரிலிருந்து இறங்கியவரை நான் பார்க்கவில்லை.

அரசு வழக்குரைஞர்: சாட்சி பிறழ்ந்துட்டார்ங்கய்யா. குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேணும்.

நீதிபதி: கேளுங்க.

அரசு வழக்குரைஞர்: கார்லேர்ந்து இறங்குனவரைப் பாத்தேன், மறுபடி பாத்தா அடையாளம் காட்டுவேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க.

சாட்சி: அப்படிச் சொல்லலீங்க.

நீதிபதி: போலீஸ் விசாரணையில் அவ்வாறு நான் சொல்லவில்லை.

அரசு வழக்குரைஞர்: எதிரிக்குச் சாதகமா பொய் சொல்றீங்க.

சாட்சி: இல்லீங்க.

நீதிபதி: எதிரிக்குச் சாதகமாகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.

அரசு வழக்குரைஞர்: வேற கேள்வி இல்லைங்கய்யா.

எதிர்த்தரப்பு வழக்குரைஞர் (பாதி எழுந்து): குறுக்கு இல்லை.

(நீதிபதி அடுத்த கட்டை எடுக்கிறார். சாட்சி இறங்கவில்லை.)

சாட்சி: அந்தப் பையன் தெனமும் எங்கடை வழியாத்தாங்க போவான்.

(தட்டச்சரின் விரல்கள் விசைகளின் மேல் காத்திருக்கின்றன. அவர் நீதிபதியை நிமிர்ந்து பார்க்கிறார். நீதிபதி எதுவும் சொல்லவில்லை.)

நீதிபதி: கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

"என்று சொன்னால் சரியல்ல" என்ற அந்த வாக்கியம் தமிழ்நாட்டுச் சாட்சிப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் நடை. சாட்சி 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால், அவர் வாயால் சொல்லாத முழு வாக்கியம் அவர் பெயரில் பதிவாகிவிடும். அந்த வாக்கியத்தை உணர்ச்சியே இல்லாமல், அன்றாட அலுவலாக நீதிபதி சொன்னால்தான் அது சுடும்.

கடைசியில் சாட்சி கேட்காமலே சொன்ன அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். வழக்குக்கு அது தேவையில்லை. அதனால் நீதிபதி அதை எழுதவைக்கவில்லை. எழுதவைக்காததால் பின் பெஞ்சில் இருக்கும் தாய்க்கும் அது கேட்கவில்லை. காட்சி முழுக்க ஒவ்வொரு பதிலையும் தொடர்ந்து வந்த விசை ஓசை இந்த ஒரு வரிக்குப் பின் வராது. ஐந்து முறை வந்த ஒழுங்கு ஆறாம் முறை உடையும்போது பார்வையாளர் உடலே அதை உணரும். அதற்காகத்தான் முந்தைய பதில்கள் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் வைத்தோம். அந்தத் தாளத்தைச் சோம்பலாகக் கருதி எடிட்டிங்கில் வெட்டிவிட்டால், கடைசி வரி வெறும் வசனமாகிவிடும்.

கேமராவை எங்கே வைப்பது? சாட்சிக்கும் அரசு வழக்குரைஞருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சினிமாக்காரர்கள் இமேஜினரி லைன் என்பது இதுதான். கேள்வி தொடங்கியதிலிருந்து கேமரா கோட்டின் வடக்குப் பக்கம், தட்டச்சர் மேசையை ஒட்டியே இருக்கட்டும். அங்கிருந்து பார்த்தால் சாட்சி ஃபிரேமின் இடப்புறம் நின்று வலப்புறம் பார்ப்பார், வழக்குரைஞர் வலப்புறம் நின்று இடப்புறம் பார்ப்பார். தனித்தனி குளோஸப்பிலும் அந்தப் பார்வை மாறாது. பாதியில் கேமராவைப் பெஞ்சுப் பக்கம் கொண்டுபோய் ஒரு குளோஸப் எடுத்தால், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். படப்பிடிப்பின்போது இது தெரியாது. எடிட்டிங் மேசையில் இரண்டு ஷாட்டையும் ஒட்டியதும் யாரிடம் யார் பேசுகிறார்கள் என்றே குழம்பும். அப்போது திருத்த வழியிருக்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் யார் இடம் பார்க்கிறார், யார் வலம் பார்க்கிறார் என்று உதவி இயக்குநர் ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே வந்தால் போதும்.

அறை முழுவதையும் பெஞ்சுப் பக்கமிருந்து காட்ட ஆசை இருந்தால், சாட்சி உள்ளே நுழைவதற்கு முன் காட்டிவிடுங்கள். டவாலியின் குரல் கேட்கிறது, டீக்கடைக்காரர் வாசலில் தோன்றிப் பெஞ்சுகளைத் தாண்டி நடந்து கூண்டில் ஏறுகிறார். அந்த நடையைத் தொடர்ந்தபடியே கேமராவும் கோட்டைக் கடந்துவிடலாம். பார்வையாளருக்குத் திசை தெரிந்துவிடும்.

வடக்குப் பக்கக் கேமராவில் இன்னொரு நன்மை உண்டு. வழக்குரைஞரின் முகத்துக்குப் பின்னால் பெஞ்சுகளும் தாயும் மங்கலாகத் தெரிவார்கள். சாட்சியை மேடையருகிலிருந்து பார்த்தால், அவர் இடப்பக்கம், அதாவது தாயின் பக்கம் தலையைத் திருப்பும்போது அவர் முகம் நமக்கு மறைகிறது. பின்னந்தலையும் காதும்தான் தெரியும். அவர் தோளுக்கு அப்பால் தாய் இருக்கிறார். அந்த நொடியில் ஃபோகஸைச் சாட்சியிடமிருந்து தாய்க்கு மாற்றுங்கள். குற்ற உணர்ச்சியில் ஒரு முகம் எப்படி இருக்கும் என்று காட்டும் பாரமே நடிகருக்கு இல்லாமல் போகிறது. அவர் யாரைப் பார்க்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. இந்தத் திருப்பத்தைக் கடைசி வரியைச் சொல்லும்போது வைக்கலாம். நான் இயக்கினால் அந்த வரி முடிந்து, விசை ஓசை வராமல்போன அமைதியில் வைப்பேன். சொல்லும்போது அவர் நீதிபதியைத்தான் பார்ப்பார், ஏனென்றால் அந்த வரி எழுதப்பட வேண்டும் என்று அவர் விரும்புகிறார்.

லென்ஸ் விஷயத்தில் சிட்னி லூமெட்டின் '12 ஆங்கிரி மென்' (1957) நல்ல ஆசான். ஏறக்குறைய முழுப் படமும் ஜூரிகள் அடைபட்ட ஒரே அறை. லூமெட் தொடக்கத்தில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்து, போகப்போகக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, இறுதிப் பகுதியில் அதற்கும் கீழே இறக்கினார். கூடவே லென்ஸின் நீளத்தையும் கூட்டிக்கொண்டே போனார். சுவர்கள் நெருங்கி வருவதுபோன்ற உணர்வு அப்படித்தான் வந்தது. இந்தியாவில் ஜூரி முறை இல்லை, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். கல்லூரியில் கிடைக்கும் சாதாரண கேமராவில் 18 மில்லிமீட்டரில் தொடங்கி, "பாக்கலீங்க" வரும்போது 50 மில்லிமீட்டருக்கு வந்துவிடலாம். அதற்கும் முன்பே குளோஸப்பில் போய்விட்டால், பிறகு நெருங்க இடமிருக்காது.

ரியாக்‌ஷன் ஷாட்டுகளை எடுப்பதில்தான் அதிகம் சொதப்புகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? பேசுபவர்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, நாள் முடியும் நேரத்தில் தாயாக நடிப்பவரைத் தனியே உட்காரவைத்து, "அம்மா, அதிர்ச்சியா ஒரு லுக் குடுங்க, இப்ப லேசா கண் கலங்குங்க" என்று கேட்பார்கள். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். வருவது பொதுவான ஒரு சோகமுகம், எந்தப் படத்திலும் ஒட்டலாம். அதற்குப் பதிலாக, காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்டி, கேமராவைத் தாயின்மீது மட்டும் வைத்து ஒரு முழு டேக் எடுங்கள். மற்ற நடிகர்கள் தம் தம் இடத்தில் நின்று நிஜமாகவே பேச வேண்டும். சாட்சி நிஜமாகவே தாழ்ந்த குரலில் பேசட்டும். இந்த டேக்கை நாளின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. பத்தாவது முறை அதே வசனத்தைக் கேட்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார், கேட்பதுபோல் நடிக்கத் தொடங்கிவிடுவார்.

தாயாக நடிப்பவரிடம் உணர்ச்சியைக் கேட்காமல் ஒரு வேலையைக் கொடுங்கள். "உங்களுக்கு அங்கே பேசுவது சரியாகக் கேட்கவில்லை, எப்படியாவது பிடிக்கப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். அவர் உடல் தானாகவே முன்னால் சாயும், ஒரு காது கூண்டுப் பக்கம் திரும்பும். நீதிபதியின் குரல் வந்து சேர்ந்ததும் அந்தச் சாய்வு தேவையில்லாமல் போகும், அவர் மெல்ல நிமிர்ந்து உட்காருவார். அந்த நிமிர்வுதான் ரியாக்‌ஷன். அழுகை அவசியமில்லை.

எதிரியாக நடிப்பவர் சிரிக்கக் கூடாது. வில்லன் உதட்டோரம் சிரிப்பது எல்லாப் படத்திலும் வந்துவிட்டது, அது பார்வையாளரின் சங்கடத்தை எளிதாகத் தீர்த்தும் விடுகிறது. கூண்டின் கம்பியைப் பிடித்திருக்கும் அவன் கை, ஆபத்து நீங்கிய பிறகும் தளராமல் இருந்தால் அவனுக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரியும். நீதிபதிக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான்: "பாக்கலீங்க" என்ற பதிலை எழுதவைக்கும் முன், மற்ற பதில்களைவிட ஒரு நொடி கூடுதலாகச் சாட்சியைப் பார்ப்பது. அவர் நம்பவில்லை என்பதற்கு அது போதும். பதிவு செய்ய வேண்டியது அவர் கடமை, செய்கிறார்.

எடிட்டிங்கில் இதையெல்லாம் எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. பேசி முடித்ததும் கேட்பவரைக் காட்டுவது ஆரம்பப் பழக்கம். அப்படி மாற்றி மாற்றிக் காட்டினால் பந்தாட்டம் பார்ப்பதுபோல் இருக்கும். நீதிபதி "காரிலிருந்து இறங்கியவரை" என்று தொடங்கும்போதே தாயின் முகத்துக்குப் போய்விடுங்கள். "நான் பார்க்கவில்லை" என்பது அவர் முகத்தின்மேல் விழட்டும். பிறகு விசை ஓசை முழுவதும் அதே முகத்தில் ஓடி முடியட்டும். எவ்வளவு நேரம் வைப்பது என்று சந்தேகம் வந்தால், அடுத்த கேள்வி கேட்கத் தொடங்கும்வரை வைக்கலாம். தாயின் ஷாட் காட்சி முழுக்க இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் அவரைக் காட்டினால், முக்கியமான பதிலுக்கு அவர் முகம் பழகிப்போயிருக்கும்.

ஒலி இந்தக் காட்சியில் பாதி என்பதால் இரண்டு எச்சரிக்கைகள். மின்விசிறி கதைக்குத் தேவைதான், ஆனால் வசனம் பதியும்போது அதை நிறுத்திவிடுங்கள். ஓடும் விசிறியோடு பதிந்த வசனத்தைப் பிறகு பிரிக்க முடியாது, ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் ஏறி இறங்கிக் காட்டிக்கொடுக்கும். விசிறி ஓசை, விசை ஓசை, ஆள் பேசாத அறையின் ஓசை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒரு நிமிடம் பதிந்துகொண்டு பிறகு சேருங்கள். சாட்சியின் சட்டைக்குள் ஒரு லேபல் மைக் கட்டாயம், அவர் முணுமுணுப்பு பார்வையாளருக்குத் தெளிவாகக் கேட்டாக வேண்டும். தாய்க்குக் கேட்காதது நமக்குக் கேட்கிறது என்பதில்தான் காட்சியே நிற்கிறது. வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். டியூப்லைட் எரிந்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத அளவுகளில் படம் மினுக்கக்கூடும்.

எடுத்து முடித்ததும் ஒரு சோதனை. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார், யாருக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, சாட்சி கடைசியில் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்ற மூன்றையும் அவர் சொல்லிவிட்டால் பிளாக்கிங் சரி. சொல்ல முடியவில்லை என்றால் வசனத்தைக் கூட்டிப் பயனில்லை, இருக்கைகளை மாற்றிப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

வசனம் எழுத உட்காருவதற்கு முன் மாணவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்தியாவில் குற்றவியல் விசாரணைகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. நீதிபதி தடுத்தாலொழிய யாரும் உள்ளே போய் உட்காரலாம், சீட்டோ கட்டணமோ கிடையாது. செல்பேசியை அணைத்துவிட்டு, உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் கடைசி பெஞ்சில் ஒரு முழுக் காலை உட்காருங்கள். அங்கிருந்து எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.